ஒரு வருடம், ஓர் அதிகாரம், கேட்க ஓர் ஆள்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர் கையில் ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கும். அதிலுள்ள வசனம் ஜனவரி முழுக்க நினைவிலிருக்கும். ஈஸ்டர் வரும்போது பாதி இருக்கும். ஆகஸ்டில் அட்டை வேதாகமத்துக்குள் பக்க அடையாளமாகிவிட்டிருக்கும். இதில் பக்திக்குறைவு எதுவும் இல்லை. ஞாயிறு பள்ளியில் நமக்கு மனப்பாட வசனம் இருந்தது, ஒப்புவிக்க ஒரு டீச்சர் இருந்தார், ஆண்டுவிழாவில் பரிசாக ஒரு டிபன் பாக்ஸும் இருந்தது. திடப்படுத்தல் முடிந்ததும் அந்த ஏற்பாடு மொத்தமும் நம்மை விட்டுப் போய்விடுகிறது. நாற்பது வயதுக்காரரிடம் வசனம் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆகவே நமக்குத் தெரிந்த வசனமெல்லாம் பன்னிரண்டு வயதுக்குள் தெரிந்துகொண்டதாகவே இருக்கிறது.

பெரியவர்களுக்கான வருடத் திட்டங்கள் பல உண்டு. வாரம் ஒன்று என்று 52 தனி வசனங்களைப் பொறுக்கித் தருவது பரவலானது. 1930களில் அமெரிக்காவில் டாசன் டிராட்மன் தொடங்கிய நேவிகேட்டர்ஸ் இயக்கம் 60 வசனங்களைத் தலைப்புவாரியாகச் சிறு அட்டைகளில் தந்தது. இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. அதைக் குறைசொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் பெரியவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது தனி வசனங்களை அல்ல, ஓர் அதிகாரத்தை. குழந்தைக்கு ஓசை போதும், பொருள் தெரியாமலே பிடித்துக்கொள்ளும். நமக்கு அந்தக் காது மழுங்கிவிட்டது. அதற்குப் பதிலாக வாதத்தைப் பின்தொடரும் புத்தி வந்திருக்கிறது. முந்திய வசனம் அடுத்ததை இழுத்துவர வேண்டும். தனி வசனங்களில் அந்த இழுப்பு கிடையாது.

ரோமர் எட்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். 39 வசனங்கள். ஆண்டுக்கு 52 வாரங்கள். நான்கு வாரம் ஒரு சுற்று என்று வைத்து, மூன்று வாரம் வாரத்துக்கு ஒரு புது வசனம், நான்காம் வாரம் புதிதாக எதுவும் இல்லாமல் பழையதை மட்டும் சொல்லிப் பார்ப்பது என்று கொண்டால், பதின்மூன்று சுற்றில் ஆண்டும் முடிகிறது, அதிகாரமும் முடிகிறது. கணக்கு கச்சிதமாக விழுவதோடு, மும்மூன்றாக வெட்டும்போது முக்கியமான இடங்களில் வெட்டு சரியாகவும் விழுகிறது. சிருஷ்டியைப் பற்றிய 19 முதல் 21 வரை ஏழாம் சுற்று. முன்னறிதலில் தொடங்கி மகிமையில் முடியும் சங்கிலி வரும் 28 முதல் 30 வரை பத்தாம் சுற்று. கடைசி மூன்று வசனங்களும் கடைசிச் சுற்று.

அந்த நான்காம் வாரத்தைத்தான் எல்லாரும் முதலில் கைவிடுவார்கள். 'நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு, எதுக்கு ஒரு வாரம் சும்மா' என்று தோன்றும். ஏப்ரல் கடைசியில் அதற்குப் பதில் கிடைக்கும். ஜனவரியில் தொடங்கியவருக்கு ஐந்தாம் சுற்று கோடை விடுமுறையில் வருகிறது: ஊருக்குப் போக வேண்டும், கல்யாண வீடுகள், விடுமுறை வேதாகமப் பள்ளியில் சமையல் பொறுப்பு. டிசம்பரில் கடைசிச் சுற்று கேரல் ரவுண்டோடு மோதுகிறது. வேறு மாதத்தில் தொடங்கினாலும் இவை வேறு சுற்றில் வந்து மோதுமே தவிர விலகிப்போகாது. வசனம் தவறிய வாரத்தை நான்காம் வாரம் ஏற்றுக்கொள்ளும். அது இல்லாதவர் அடுத்த வாரம் இரண்டு, அதற்கடுத்த வாரம் மூன்று என்று கடன் சேர்த்து, ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது திட்டத்தையே மூடிவிடுகிறார். தவறியதை அடுத்த வாரம் இரட்டிப்பாக்கக் கூடாது. வரிசையைத் தள்ளிவைக்க வேண்டும். ஆண்டு 55 வாரமானால் ஆகட்டும்.

திட்டம் கெடுவது புது வசனத்தில் அல்ல, பழையதில்தான். இருபது வசனம் சேர்ந்தவுடன் பெரும்பாலோர் செய்வது, தினமும் முதல் வசனத்திலிருந்து ஆரம்பிப்பது. பஸ்ஸில் உட்கார்ந்து முணுமுணுக்கத் தொடங்கி, ஒன்பதாவதில் நிறுத்தம் வந்துவிடும். மறுநாள் மறுபடியும் ஒன்றிலிருந்து. இப்படி ஆறு மாதம் போனால் முதல் எட்டு வசனம் தூக்கத்திலும் வரும், பதினைந்துக்கு மேல் குழம்பும். ஒருவர் இந்தப் பழக்கத்தில் இருக்கிறாரா என்று அறிய வழி எளிது: 'பதினெட்டிலிருந்து சொல்லுங்கள்' என்று கேட்க வேண்டும். அவர் உள்ளுக்குள் ஒன்றிலிருந்து ஓடி வருவது முகத்திலேயே தெரியும்.

இதற்கு மாற்று, பழையதைக் கிழமைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது. ரோமர் எட்டு பொருள்படி ஏழு பகுதியாகப் பிரியும் என்பது நம் அதிர்ஷ்டம். ஆக்கினைத்தீர்ப்பு நீங்கியதைச் சொல்லும் 1–4 திங்களுக்கு. மாம்ச சிந்தை, ஆவியின் சிந்தை பற்றிய 5–8 செவ்வாய்க்கு. ஆவி வாசமாயிருப்பதைப் பேசும் 9–11 புதனுக்கு. பிள்ளைகளாகவும் சுதந்தரராகவும் ஆக்கப்படும் 12–17 வியாழனுக்கு. சிருஷ்டியின் தவிப்பும் காத்திருப்பும் வரும் 18–25 வெள்ளிக்கு. ஆவியானவரின் வேண்டுதலும் தேவனுடைய தீர்மானமும் 26–30, சனிக்கு. கேள்வியும் பதிலுமாக உயர்ந்துகொண்டே போகும் 31–39 ஞாயிற்றுக்கு. வசனத்துக்கு எண் போட்டவர் பவுல் அல்ல. 1551-இல் ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சாளர் போட்ட எண்களே புதிய ஏற்பாட்டில் இன்றும் நிற்கின்றன. ஆகவே எண்ணின்படி கற்பதும் பொருளின்படி திருப்பிச் சொல்வதும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை.

நடைமுறை இப்படி. இந்தச் சுற்றில் கற்ற வசனங்கள் தினமும். போன சுற்றின் மூன்று வசனங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள். அதற்கு முந்தியவை எல்லாம் வாரம் ஒருமுறை, அதனதன் கிழமையில். இருபத்தேழாம் வாரத்தில் நிற்கிற ஒருவரைப் பார்ப்போம். அவர் கையில் 21 வசனங்கள் இருக்கின்றன. தினமும் சொல்ல வேண்டியது 19, 20, 21. ஒருநாள் விட்டு ஒருநாள் 16, 17, 18. மற்றபடி திங்களென்றால் 1–4, வியாழனென்றால் 12–15. எந்த நாளிலும் பத்து வசனத்துக்கு மேல் இல்லை. 51-ஆம் வாரத்தில் 39 வசனமும் கைக்கு வந்த பிறகுகூட, மிகக் கனமான வெள்ளிக்கிழமையில் பதினான்கைத் தாண்டாது. குக்கர் மூன்று விசில் அடிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். சொல்லும்போது தடுக்கிய வசனம் மட்டும் பழையபடி தினசரி வரிசைக்குத் திரும்ப வேண்டும். ஒரு வாரம் தடுக்காமல் வந்த பிறகே கிழமைக்குப் போகலாம். அட்டைப்பெட்டி வைத்திருப்பவர்கள் இதற்குத் தடுப்புகள் வைத்துக்கொள்வார்கள். பெட்டி இல்லாவிட்டால் நான்கு ரப்பர் பேண்டு போதும்.

திருப்புதல் என்றால் பார்த்து வாசிப்பதல்ல, பாராமல் சொல்வது. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, வாசிப்பதைக் குறைத்துப் பாராமல் நினைவுகூர்ந்தவர்கள் முந்தினார்கள். ஞாயிறு காலை ஆராதனைக்கு முன் அவசரமாக நாலுதரம் வாசித்துவிட்டு ஒப்புவித்த நம் சிறுவயது வெற்றிகள் எப்படிப்பட்டவை என்பது இதிலிருந்து விளங்கும்.

அட்டையில் என்ன எழுதுவது? ஒரு பக்கம் வசனம் முழுவதும், கையால் எழுதியது. மறுபக்கம் எண்ணும் முதலெழுத்துகளும் மட்டும். 37-ஆம் வசனம் பழைய மொழிபெயர்ப்பில் ஆறே சொல். முதலெழுத்துகள் இ, நா, ந, அ, மு, ஜெ. இவற்றைப் பார்த்தபடி சொல்லிப் பழகி, மூன்றாம் நாள் அதையும் பார்க்காமல் சொல்லலாம். தமிழுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது, ஏனென்றால் நம் சொற்கள் நீளமானவை, ஓரெழுத்து ஒரு பெரிய சுமையைத் தூக்கிவிடும். ஆனால் அதே நீளத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. சொல்லின் தலை நினைவிலிருக்கும், வால் மாறிப்போகும். அந்தக் கடைசிச் சொல்லின் முடிவிலுள்ள ஏகாரத்தைப் பாதிப்பேர் விழுங்கிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லும்போது வெற்றியை அறிவிக்கிற குரல் போய், தகவல் சொல்கிற குரலாகிவிடுகிறது. அதனால் நீண்ட வினைமுற்றுக்கு மட்டும் முதலெழுத்தோடு கடைசி எழுத்தையும் எழுதிவைப்பது நல்லது: ஜெ–மே.

வழுக்குகிற இடங்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். மாம்சத்தின்படி நடவாமல் ஆவியின்படி நடப்பது பற்றிய பேச்சு பழைய மொழிபெயர்ப்பில் முதல் வசனத்திலும் வருகிறது, நான்காம் வசனத்திலும் வருகிறது. ஒன்றைத் தொடங்குகிறவர் தன்னையறியாமல் நான்குக்குத் தாவி, இரண்டையும் மூன்றையும் விட்டுவிட்டு ஐந்துக்குப் போய்விடுவார். சரளமாகவே போவார், கேட்கிறவருக்குக் கவனம் இல்லையென்றால் தவறு தெரியவே தெரியாது. புத்திர சுவிகாரம் 15-லும் இருக்கிறது, 23-லும் இருக்கிறது. அங்கும் இப்படி ஒரு தாவல் உண்டு. இரட்டை வசனங்களைத் தனித்தனியே பழகினால் இது தீராது. இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல்லில் பாதை பிரிகிறது என்று பார்த்து, அந்தச் சொல்லின்கீழ் சிவப்புக் கோடு இழுக்க வேண்டும்.

இங்கே பதிப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஹென்றி பவர் குழுவினர் உழைத்து 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்புதான் நம் காதில் இருப்பது. பிந்தைய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் முதல் வசனத்தில் மாம்சத்தின்படி நடவாமல் ஆவியின்படி நடப்பது பற்றிய பகுதி இல்லை. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் அது காணப்படவில்லை என்று ஆய்வாளர்கள் விட்டுவிட்டார்கள். எதைக் கற்பது என்பது அவரவர் முடிவு. ஆனால் தொடங்குமுன் ஒன்றை நிச்சயித்துக்கொண்டு ஆண்டு முழுவதும் அதிலேயே நிற்க வேண்டும், கேட்பவர் கையிலும் அதே பதிப்பு இருக்க வேண்டும். பழையது காதிலும் புதியது கண்ணிலும் இருந்தால், வருடக் கடைசியில் இரண்டும் கலந்த மூன்றாவது மொழிபெயர்ப்பு ஒன்று உருவாகிவிடும்.

வசனத்துக்கு ஒரு வாரம் என்ற கணக்கை மீற வேண்டிய இடங்களும் உண்டு. பழைய தமிழில் 20-ஆம் வசனம் வினைமுற்று இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. 21-க்குப் போனால்தான் வாக்கியம் தரை தொடும். 38-உம் அப்படியே. மரணம் தொடங்கி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போய், 39-இன் கடைசிச் சொல்லில்தான் பவுல் தன் நிச்சயத்தைச் சொல்கிறார். 38-ஐ மட்டும் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருப்பவர் ஒரு பட்டியலைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். இந்த இரண்டு இடத்திலும் முதல் வாரமே இரு வசனங்களையும் சேர்த்துத் தொடங்கி, இரண்டாம் வாரமும் அவற்றோடேயே இருந்துவிடுவது உத்தமம்.

பட்டியல்களுக்குத் தனிப் பாடு உண்டு. 35-இல் ஏழு துன்பங்கள் ஓகாரத்தில் முடிந்து கேள்வியாக வருகின்றன. 38, 39-இல் பத்துப் பொருள்கள் 'ஆனாலும்' என்று முடிந்து வருகின்றன. ஒரே ஈறு திரும்பத் திரும்ப வருவதால் ஓசை உதவும் என்று நினைப்போம். ஓசை உதவாது, எந்தச் சொல்லை எங்கே வைத்தாலும் அதே சந்தம்தான் கேட்கும். விரல்விட்டு எண்ணுவதுதான் வழி. ஏழு வந்ததா, பத்து வந்ததா? ஒன்று குறைந்தால் எது என்று தேட வேண்டும். கடைசி இரண்டு வசனத்தில் இணைகள் இருப்பது ஒரு துணை: மரணமும் ஜீவனும், நிகழ்வதும் வருவதும், உயர்வும் தாழ்வும். இணையில்லாமல் நடுவில் நிற்பவைதான் உதிர்கின்றன. வல்லமைகளை மறக்காதவர் குறைவு.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. காலண்டரில் வரும் வசனங்கள் 28, 31, 37. 36-ஆம் வசனத்தை எந்தக் காலண்டரிலும் நான் பார்த்ததில்லை. அடிக்கப்படும் ஆடுகளாக எண்ணப்படுவதைச் சொல்லும் அந்த வசனம் 44-ஆம் சங்கீதத்திலிருந்து பவுல் எடுத்தது; அந்தச் சங்கீதமோ கடைசிவரை ஆறுதல் வராத முறையீடு. 37-இன் வெற்றிப் பேச்சு அதன் பின்னால்தான் வருகிறது. அட்டையில் 37-ஐ மட்டும் பெற்றவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. வரிசையாகக் கற்பவர் 36-ஐ ஒரு வாரம் முழுவதும் வாயில் வைத்திருக்க வேண்டும், தப்ப முடியாது. தனி வசனத்தைவிட அதிகாரம் மேல் என்று நான் சொல்வதற்கு நினைவாற்றலைவிட இதுவே பெரிய காரணம்.

இனி, கேட்கிற ஆள். பல சபைகளில் இதற்கு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துவிடுகிறார்கள். திங்கட்கிழமை வசனம் வரும். கீழே கும்பிட்ட கைகளும் 'ஆமென்'களும் வரிசையாக வரும். யார் கற்றார், யார் கற்கவில்லை என்பதற்கு அதில் எந்தச் சாட்சியும் இல்லை. 'சொல்லிட்டீங்களா?' என்று கேட்பது வேறு, 'சொல்லுங்க' என்று கேட்பது வேறு. முதலாவதற்கு ஆம் என்று பதில் சொல்லிவிடலாம். குரல்பதிவு அனுப்பச் சொல்வது கொஞ்சம் மேல். ஆனால் பார்த்து வாசித்தும் அனுப்பலாம். பழகிய காதுக்கு வித்தியாசம் பிடிபடும். வாசிக்கிறவர் அச்சிலுள்ள வரி முடிகிற இடத்தில் தயங்குவார். நினைவிலிருந்து சொல்கிறவர் வினைக்கு முன்னால் தயங்குவார்.

ஓர் ஆள் போதும். வாரம் ஒருமுறை, குறித்த நேரம், பத்து நிமிடம். ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நின்றபடியோ, செவ்வாய் இரவு ஒன்பது மணிக்குப் போனிலோ நடக்கலாம். கேட்பவரும் கற்பவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேதாகமத்தைத் திறந்துவைத்து விரலால் பின்தொடரத் தெரிந்தால் சரி. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கேட்பதை நான் பரிந்துரைப்பதில்லை. நேரம் குறிக்கவே மாட்டார்கள், தப்பைச் சுட்டினால் பேச்சு வேறெங்கோ போய்விடும்.

பாளையங்கோட்டைப் பக்கத்து இரண்டுபேரை இதில் நல்ல ஜோடி என்பேன். ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார், மற்றவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். கடைக்காரர் சொல்ல, வாத்தியார் கேட்பார்.

"அண்ணாச்சி, முப்பத்திரெண்டுல நிக்கேன்."

"நில்லு. முப்பத்தொண்ணு எப்பிடி முடிஞ்சுது?"

"கேள்வியால்லா முடிஞ்சுது."

"என்ன கேள்வி, சொல்லு. அதுக்குப் பதில்தான் முப்பத்திரெண்டு."

சொன்னார், வந்துவிட்டது. வாத்தியார் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்திருந்தால் கடைக்காரர் மிச்சத்தை ஓட்டியிருப்பார். அடுத்த வாரமும் அதே இடத்தில் நின்று அதே சொல்லுக்குக் காத்திருப்பார். சறுக்கல் பெரும்பாலும் வசனத்துக்குள் அல்ல, இரண்டு வசனங்களின் சந்தில் நடக்கிறது. ஆகவே கேட்பவர் கொடுக்க வேண்டியது முந்திய வசனத்தின் வால். அதுவும் பலிக்காவிட்டால் பகுதியின் பொருள். சொல்லைக் கொடுப்பது கடைசிக் கட்டம். அப்படிக் கொடுத்தால் அட்டையின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி விழுந்த அட்டை தினசரி வரிசைக்குத் திரும்பும். இதைத் தவிர வேறு கணக்கு, மதிப்பெண், அபராதம் எதுவும் வேண்டாம். தவறிய வாரத்துக்குக் காரணம் கேட்க வேண்டாம். 'சரி, போன வாரத்தையே சொல்லுங்க' என்றால் போதும். காரணம் கேட்க ஆரம்பித்த ஜோடிகள் மூன்றாம் மாதத்தில் ஒருவரையொருவர் ஒதுங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த நிருபமே ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதியது. தெர்தியு என்ற அந்த எழுத்தர் 16-ஆம் அதிகாரத்தில் தன் பெயரையும் சேர்த்து வாழ்த்துச் சொல்கிறார். அதே அதிகாரத்தில் பவுல் பெபேயாளை ரோமாபுரியாரிடம் ஒப்புவித்துப் பேசுவதால், அவள்தான் நிருபத்தைக் கொண்டுபோனாள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அங்கே பெரும்பாலோருக்கு அது வாசிக்கக் கேட்டதாகவே போய்ச் சேர்ந்திருக்கும். ஒருவர் சொல்ல ஒருவர் கேட்பது இந்த அதிகாரத்துக்குப் புதிதல்ல.

ஒரு வருடத்தில் என்ன கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். 29, 30-ஐத் தடுக்காமல் சொல்கிறவருக்கு முன்குறித்தல் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதற்கு வியாக்கியானமும் போதகரும் சண்டைபோட நண்பர்களும் வேண்டும். சரளம் வந்த பிறகு வாய் மட்டும் ஓடும் ஆபத்தும் உண்டு. அப்போது வேகத்தைப் பாதியாக்கி, ஒரு பகுதியை ஒருநாள் தன் சொந்தப் பேச்சில் சொல்லிப் பார்ப்பது நல்லது. சொல்ல வராத இடத்தில் பொருள் இன்னும் உள்ளே போகவில்லை. 52-ஆம் வாரத்தோடு நிறுத்தினால் முதலில் போவது 19 முதல் 23 வரையிலான நடுப்பகுதிதான். இரண்டாம் ஆண்டு வாரம் ஒருமுறை அதிகாரம் முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னால் போதும். நிதானமாகச் சொன்னாலும் பத்து நிமிடத்துக்குள் முடியும். அதற்கடுத்த ஆண்டு மாதம் ஒருமுறை.

தொடங்க நினைக்கிறவர்கள் அட்டையும் பெட்டியும் வாங்கக் கடைக்குப் போவதை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள். முதலில் உங்கள் சபையிலோ தெருவிலோ கேட்க ஓர் ஆளைப் பிடியுங்கள், கிழமையையும் மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். அது அமையாவிட்டால் ஜனவரியில் தொடங்காமல், அமைகிற மாதத்தில் தொடங்குங்கள்.